விடை சரி, வரி தப்பு: ஓஎம்ஆர் தாளில் எண் மாறி ஷேட் செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீட் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் மாக் டெஸ்ட் முடிந்ததும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறவர்களும் கேட்பதால் அவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. மதிப்பெண் கணக்கெல்லாம் 2025 நீட் தாளின் அமைப்பில்: 180 கேள்வி, 180 நிமிடம், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு ஒரு மதிப்பெண் கழிவு, விட்டுவிட்டால் பூஜ்யம்.

"எல்லாமே தெரிஞ்ச கேள்விதான் சார். ஆனா கெமிஸ்ட்ரில ஒரு இடத்துல மட்டும் வரிசையா தப்பு. எப்படி?"

முதலில் வினாத்தாளை எடுத்து வாருங்கள். அந்தக் கேள்விகளுக்கு நீங்கள் வினாத்தாளில் வட்டமிட்ட விடை எது, ஓஎம்ஆரில் ஷேட் ஆகியிருப்பது எது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். 54-வது கேள்வியின் விடை 53-வது வரியிலும், 55-இன் விடை 54-வது வரியிலும் உட்கார்ந்திருக்கும்.

பாடம் தெரியாமல் வரும் தப்புக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. தெரியாத கேள்விகள் தாள் முழுக்கச் சிதறிக் கிடக்கும். ஒன்று தப்பு, நாலு சரி, இன்னொன்று தப்பு என்று வரும். வரி நழுவியிருந்தால் தப்பெல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். நடுவில் அங்கொன்று இங்கொன்று சரியாக இருப்பதுதான் குழப்பும். அது தற்செயலாகப் பொருந்தியது. அடுத்தடுத்த இரண்டு கேள்விக்கு ஒரே விடை இருந்தால், வரி நழுவினாலும் அந்த ஒன்று சரியாகவே விழும்.

"இது கவனக்குறைவுதானே? கவனமா இருந்தா போதாதா?"

போதாது. 'கவனமாக இரு' என்று சொல்லி இந்தத் தப்பு குறைந்ததாக நான் பார்க்கவில்லை. ஏன் நழுவுகிறது என்று தெரிந்தால்தான் அந்த இடத்தில் தடுக்க முடியும்.

ஒருவர் ஷேட் செய்யும்போது அவர் கண் எதைத் தேடுகிறது என்று கவனித்துப் பாருங்கள். முதல் பத்து கேள்விக்கு எண்ணைப் பார்ப்பார். அப்புறம் எண்ணைப் பார்ப்பது நின்றுவிடும். கடைசியாக ஷேட் செய்த வரிக்குக் கீழே உள்ள காலி வரிக்குக் கை தானாகப் போகும். எல்லாக் கேள்விக்கும் விடை எழுதிக்கொண்டே போகிற வரை இது சரியாகவே வேலை செய்யும், அதனால்தான் பழக்கமாகவும் ஆகிவிடுகிறது. ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனீர்களானால், கைக்கு அந்தச் சேதி தெரியாது. அது அடுத்த காலி வரியைத்தான் தேடும். நீட்டில் மைனஸ் மார்க் இருப்பதால் கேள்வியை விடுவது சாதாரணம். விட்ட ஒவ்வொரு கேள்வியும் வரி நழுவக்கூடிய ஓர் இடம்.

இன்னும் சில இடங்கள் உண்டு. இயற்பியலில் ஒரு கணக்கை மூன்று நிமிடம் போட்டுவிட்டு ஓஎம்ஆருக்குத் திரும்பும்போது, எந்த எண்ணில் இருந்தோம் என்பது மனதில் இருக்காது, விடை மட்டும்தான் இருக்கும். பத்தியின் கடைசி வரியிலிருந்து அடுத்த பத்தியின் முதல் வரிக்குத் தாவுவது இன்னொன்று. விட்ட கேள்விக்குத் திரும்பி வரும்போதும் நடக்கும். நடுவில் காலியாக இருக்கும் இரண்டு மூன்று வரிகளில் எது நமக்கானது என்று பார்க்காமல், கண்ணில் முதலில் பட்டதை நிரப்பிவிடுவது. 67, 76 மாதிரி இலக்கம் மாறிப் படிப்பதும் உண்டு, ஆனால் அது ஒன்றிரண்டு கேள்வியோடு நிற்கும். தொடராகக் கெடுப்பது விட்ட கேள்விதான். இந்தப் பக்கம் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

"ஒரே ஒரு வரி நழுவினா எத்தனை மார்க் போகும்?"

எத்தனை கேள்வி கழித்துக் கண்டுபிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம்.

வேதியியல் 46 முதல் 90 வரை என்று வைத்துக்கொள்வோம். மாணவி 53-ஐ விடுகிறாள். 54 முதல் 61 வரை எட்டு கேள்விக்கும் அவள் கண்டுபிடித்த விடைகள் சரியானவை. அவை:

54 – 2
55 – 2
56 – 4
57 – 1
58 – 1
59 – 3
60 – 4
61 – 2

இவை ஒரு வரி மேலே ஏறி 53 முதல் 60 வரை உள்ள வரிகளில் விழுந்துவிட்டன. 62-ஐ ஷேட் செய்யப் போகும்போது 61 காலியாக இருப்பதைப் பார்க்கிறாள். இப்போது வரி வரியாகப் பார்க்கலாம். 54-வது வரியில் இருப்பது 2, அது 55-இன் விடை, ஆனால் 54-க்கும் 2 தான் சரி. தப்பித்தது. 55-இல் 4 இருக்கிறது, தப்பு. 56-இல் 1, தப்பு. 57-இல் 1, இதுவும் தற்செயலாகச் சரி. 58-இல் 3, 59-இல் 4, 60-இல் 2, மூன்றும் தப்பு. 53-க்கு அவள் விடையே எழுத நினைக்கவில்லை, இப்போது அதில் 2 இருக்கிறது. அது பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.

61-வது வரி இன்னும் காலி என்பதால் அதில் சரியான விடையை ஷேட் செய்துவிடலாம். ஆக 54, 57, 61 மூன்றுக்கும் 12 மதிப்பெண். 55, 56, 58, 59, 60 ஐந்துக்கும் 5 கழிவு. 53-க்கு இன்னொரு கழிவு. கையில் நிற்பது 6. வரி நழுவாமல் இருந்திருந்தால் 32. எட்டு கேள்வி தூரத்தில் 26 மதிப்பெண் போய்விட்டது.

அதே நழுவல் 90 வரை கண்ணில் படாமல் போயிருந்தால்? 54 முதல் 90 வரை 37 கேள்வி, எல்லாம் சரியாகத் தெரிந்திருந்தால் 148 மதிப்பெண். நழுவிய வரிகளில் நான்கில் ஒன்று தற்செயலாகப் பொருந்தும் என்று எடுத்தால், நான்கு வரிக்கு ஒரு 4 வரவு, மூன்று கழிவு, மிச்சம் 1. 37 வரிக்குச் சுமார் 9 மதிப்பெண். 148 இருக்க வேண்டிய இடத்தில் 9. தெரியாத கேள்விக்கு மதிப்பெண் வராது, அவ்வளவுதான். இங்கே தெரிந்த கேள்விக்கு வரவேண்டிய 4-ம் போய், மேலே ஒன்றும் கழிகிறது. ஒரு கேள்விக்கு 5 மதிப்பெண் வித்தியாசம்.

"நடுவுல கண்டுபிடிச்சிட்டேன். சரியான வட்டத்தையும் சேர்த்து ஷேட் பண்ணிடலாமா?"

வேண்டாம். ஒரே வரியில் இரண்டு வட்டம் ஷேட் ஆகியிருந்தால் அது தவறான விடையாகவே எடுக்கப்படும். தவறாக இருக்கும் வரிக்கு அதனால் லாபம் எதுவும் இல்லை. தற்செயலாகச் சரியாக விழுந்த வரியில் இதைச் செய்தால் கையில் இருந்த 4-ம் போய்விடும். பேனா மை என்பதால் அழிக்கவும் முடியாது. ஒயிட்னர் வைக்கக்கூடாது, சுரண்டினால் தாள் கிழியும்.

செய்ய வேண்டியது வேறு. முதலில் பேனாவைக் கீழே வையுங்கள். இது அறிவுரை மாதிரி இருக்கும், ஆனால் காரணம் இருக்கிறது. கண்டுபிடித்த அடுத்த அரை நிமிடத்தில் பதற்றத்தில் ஷேட் செய்வதுதான் இன்னொரு பத்து வரியைக் கெடுக்கிறது. பிறகு எங்கே நழுவியது என்பதைப் பின்னோக்கிப் போய்த் தேடுங்கள். கடைசியாக ஷேட் செய்த வரியிலிருந்து மேலே ஏறி, வினாத்தாளில் வட்டமிட்டதோடு ஒப்பிட்டுக்கொண்டே போனால், எந்த வரியிலிருந்து மேலே எல்லாம் பொருந்துகிறதோ அதற்குக் கீழேதான் நழுவல் தொடங்கியிருக்கிறது.

அடுத்து, காலியாக நிற்கும் வரி எது என்று பாருங்கள். விடை மேலே ஏறியிருந்தால், மேலே சொன்ன உதாரணம் போல, நழுவலின் கடைசி வரி காலியாக இருக்கும். அதைச் சரியாக நிரப்பிவிட்டு, அங்கிருந்து எண் பார்த்துத் தொடருங்கள். விடை கீழே இறங்கியிருந்தால், அதாவது 54-இன் விடை 55-வது வரிக்குப் போயிருந்தால், முதல் வரியான 54 காலியாக இருக்கும். அதையும் நிரப்பலாம். நடுவில் உள்ளவற்றை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. மேலே ஏறிய நழுவலில், விட்டுவிட்ட 53-இன் வரி ஏற்கெனவே ஷேட் ஆகிவிட்டது. 'அப்புறம் பார்க்கலாம்' என்று குறித்து வைத்திருப்பீர்கள். இனி அதைத் தீர்க்க நேரம் செலவழிக்காதீர்கள். விடை வந்தாலும் வைக்க இடம் இல்லை. வினாத்தாளில் அந்தக் கேள்வியை அடித்துவிடுங்கள்.

"தேர்வறைக் கண்காணிப்பாளர்கிட்ட வேற ஓஎம்ஆர் கேட்டா தருவாங்களா?"

நாம் தப்பாக ஷேட் செய்ததற்குத் தரமாட்டார்கள். வினாத்தாளில் இருக்கும் குறியீடும் ஓஎம்ஆரில் இருக்கும் குறியீடும் வேறாக இருந்தாலோ, அச்சுக் கோளாறு இருந்தாலோதான் மாற்றுவார்கள். அதையும் எழுதத் தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும்.

"ஒவ்வொரு கேள்வியும் முடிஞ்சதும் ஷேட் பண்றதா, கடைசியில மொத்தமா பண்றதா?"

இரண்டும் வேண்டாம். வினாத்தாளின் ஒரு பக்கம், அல்லது எதிரெதிரே விரிந்த இரண்டு பக்கம் முடிந்ததும் மொத்தமாக ஷேட் செய்வதையே நான் சொல்வேன்.

ஒவ்வொன்றாகச் செய்தால் 180 தடவை கண் வினாத்தாளிலிருந்து ஓஎம்ஆருக்கும் அங்கிருந்து இங்கும் போய் வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் எண்ணை மறக்க வாய்ப்பு. கடைசியில் மொத்தமாகச் செய்தால் நேரம் போய்விடும். ஒரு வட்டத்துக்கு நாலைந்து வினாடி என்றாலே 180 வட்டத்துக்கு 12 முதல் 15 நிமிடம். கடைசிக் கால் மணி நேரத்தில் கை நடுங்கிக்கொண்டு 180 வட்டம் அடிக்கிறவர் எண் பார்த்து அடிப்பார் என்று நம்ப முடியாது. மணி அடித்தால் அடிக்காதது அத்தனையும் பூஜ்யம்.

பக்கவாரியாகச் செய்வது இப்படி. கேள்வியைப் படித்து விடை கண்டதும், வினாத்தாளில் கேள்வி எண்ணுக்குப் பக்கத்தில், இடது ஓரத்தில், விடை எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். 54-க்குப் பக்கத்தில் 2. விட்டுவிட்ட கேள்விக்கு ஓரத்தைக் காலியாக விடக்கூடாது, அதுதான் முக்கியம். அங்கே ஒரு பெருக்கல் குறி போடுங்கள். இப்போது அந்தப் பக்கத்தில் எல்லாக் கேள்விக்கும் ஓரத்தில் ஏதோ ஒன்று இருக்கும், விடை எண் அல்லது பெருக்கல் குறி. நாம் கேள்வியை விட்டது இப்போது தாளில் எழுதியிருக்கிறது, நினைவில் வைக்க வேண்டியதில்லை.

பக்கம் முடிந்ததும் ஓஎம்ஆரை எடுங்கள். வினாத்தாளின் விளிம்பை ஷேட் செய்ய வேண்டிய வரிக்குச் சற்றுக் கீழே வையுங்கள். ஸ்கேல் உள்ளே கொண்டுபோக முடியாது, வினாத்தாளின் விளிம்பு போதும். கீழே உள்ள வரிகள் மறைந்துவிடும். பிறகு எண்ணையும் விடையையும் சேர்த்தே மனதுக்குள் சொல்லுங்கள். 'ஐம்பத்து நாலு, ரெண்டு.' வெறும் 'ரெண்டு, ரெண்டு, நாலு, ஒண்ணு' என்று சொல்லிக்கொண்டு அடித்தால்தான் நழுவும். பெருக்கல் குறி போட்ட கேள்வி வந்தாலும் அதையும் சொல்லுங்கள், 'ஐம்பத்து மூணு, காலி' என்று. சொல்லிவிட்டு விளிம்பை ஒரு வரி கீழே இறக்குங்கள். காலி வரியையும் ஒரு வரியாக நடத்த வேண்டும், தாண்டிப் போகக்கூடாது.

பக்கத்தின் கடைசிக் கேள்விக்கு வந்ததும் நிறுத்தி, வினாத்தாளில் இந்தப் பக்கத்தின் கடைசி எண் எது, ஓஎம்ஆரில் நான் நிற்கும் வரி எது என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பக்கத்தைத் திருப்புங்கள். இல்லையென்றால் நழுவல் இந்தப் பக்கத்துக்குள்தான் இருக்கிறது. சேதம் அந்த ஒரு பக்கத்துக் கேள்விகளோடு நிற்கும், அடுத்த பக்கத்துக்குப் போகாது.

கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் இந்த விதி இல்லை. அப்போது ஒவ்வொரு கேள்வியாக உடனுக்குடன் ஷேட் செய்யுங்கள். பக்கம் முடியும் வரை காத்திருந்தால் மணி அடித்துவிடும்.

"விட்ட கேள்விக்கு ஓஎம்ஆர்ல சின்னதா ஒரு புள்ளி வச்சுக்கலாமா?"

கூடாது. ஓஎம்ஆரில் தேவையில்லாத எந்தக் குறியும் போடக்கூடாது என்பது விதி. அதோடு, வட்டத்துக்குள் அல்லது ஓரத்தில் விழும் புள்ளியை ஸ்கேனர் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று நமக்குத் தெரியாது. குறிப்பெல்லாம் வினாத்தாளில்தான். வீட்டில் பழகும்போதும் ஓஎம்ஆரில் புள்ளி வைத்துப் பழகாதீர்கள், அந்தக் கை தேர்வன்றும் புள்ளி வைக்கும்.

"நான் பயாலஜியை முதல்ல எழுதுவேன். அதுல ஏதாவது ஆபத்து இருக்கா?"

பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள், தப்பில்லை. ஆபத்து முதல் வட்டத்தில் மட்டும்தான். வினாத்தாளில் 91-வது கேள்வியில் தொடங்கியிருப்பீர்கள். ஓஎம்ஆரில் கை ஒரு பத்தியின் தலைக்குப் போகும். அது 91-இன் பத்தியா, 1-இன் பத்தியா, 46-இன் பத்தியா? எல்லாப் பத்தியும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். இப்படிப் பாடமே மாறி விழுந்தால் அது ஒரு வரி நழுவுவதைவிட மோசம், இரண்டு பாடத்தைச் சேர்த்துக் கெடுக்கும்.

வினாத்தாளைப் பிரித்ததும் எந்தப் பாடம் எந்த எண்ணில் தொடங்குகிறது என்று பாருங்கள். பாடம் மாறும் ஒவ்வொரு தடவையும் முதல் வட்டத்துக்கு மட்டும் வரி எண்ணைப் பேனா முனையால் தொடாமல் சுட்டிக் காட்டிப் படித்துவிட்டு ஷேட் செய்யுங்கள்.

"டி.என்.பி.எஸ்.சி.ல கேள்வியை விடவே கூடாதே. அங்க இந்தப் பிரச்சினை வராதில்ல?"

குறையும், போகாது. குரூப் 4 தாளில் 200 கேள்வி. A, B, C, D-யோடு 'விடை தெரியவில்லை' என்று E-யும் இருக்கிறது. தெரியாவிட்டாலும் E-ஐ ஷேட் செய்தாக வேண்டும், எந்த வரியும் காலியாக இருக்கக்கூடாது. அதனால் நேர்வரிசையில் எழுதினால் அடுத்த காலி வரியும் அடுத்த கேள்வியின் வரியும் ஒன்றாகவே இருக்கும். நழுவ இடமில்லை.

ஆனால் யாரும் அப்படி எழுதுவதில்லை. 'இதைப் பிறகு யோசிக்கலாம், அதுவரை E போட வேண்டாம்' என்று வரியைக் காலியாக விட்டுத்தான் போகிறார்கள். கணக்குப் பகுதியில் பத்துப் பதினைந்து வரி இப்படிக் காலியாகக் கிடக்கும். அங்கேதான் நீட்டில் வரும் அதே நழுவல் வரும். எதிர்மறை மதிப்பெண் கிடையாது என்பதால் அடி கொஞ்சம் மெதுவாக விழும். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் கணக்கில், இருபது சரியான விடை நழுவினால் 30 போய் ஏழெட்டு கையில் நிற்கும்.

நீட்டுக்குச் சொன்ன ஓரத்தில் எழுதும் முறையை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. வினாத்தொகுப்பில் விடைகளைக் குறிக்கக் கூடாது என்ற அறிவுரை அதன் முகப்பில் உண்டு, படித்துப் பாருங்கள். அதனால் இங்கே ஒவ்வொன்றாக ஷேட் செய்வதுதான் வழி, விளிம்பை வைத்து வரியைக் காட்டுவதும் எண்ணையும் எழுத்தையும் சேர்த்துச் சொல்வதும் மட்டும் இங்கேயும் பயன்படும். 'ஐம்பத்து நாலு, B.'

A எத்தனை, B எத்தனை என்று எண்ணி எழுதச் சொல்லும் தாள்களில் அந்தக் கூட்டல் ஒரு சோதனையும்கூட. கூட்டினால் 200 வர வேண்டும். 199 வந்தால் ஒரு வரி காலி. அப்போது பலர் செய்வது, காலி வரியைத் தேடிப் பிடித்து E-ஐ நிரப்பிவிட்டுக் கணக்கை நேராக்குவது. அதற்கு முன், அந்த வரி ஏன் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். நடுவில் ஒரு கேள்வியை விட்டிருந்து, காலியாக இருப்பது 200-வது வரி என்றால், அந்தக் கேள்வியிலிருந்து கடைசி வரை எல்லாமே ஒரு வரி மேலே ஏறியிருக்கிறது. அந்த நேரத்தில் அதைத் திருத்த முடியாது, ஆனால் 200-வது கேள்வியின் விடை உங்களுக்குத் தெரியும். E போடாமல் அதையாவது சரியாகப் போடலாம்.

"மெஷினுக்கு இது தெரியாதா? இத்தனை வரிசையா தப்பா வந்தா சந்தேகம் வராதா?"

வராது. தாளின் ஓரத்தில் சின்னக் கறுப்புக் கட்டங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்கேனர் அவற்றை வைத்துத்தான் எந்த வரி எங்கே இருக்கிறது என்று கண்டுகொள்கிறது. அந்த வரியில் எந்த வட்டம் கறுப்பாக இருக்கிறது என்று பார்த்து, வரி எண்ணோடு பதிந்துவிடும். வேலை அவ்வளவுதான். உங்கள் மனதில் அது எந்தக் கேள்வியின் விடை என்பதற்கு அங்கே இடமே இல்லை.

தேர்வுக்குப் பிறகு தேசியத் தேர்வு முகமை ஸ்கேன் செய்த ஓஎம்ஆரையும், பதிவான விடைகளையும் இணையத்தில் காட்டி ஆட்சேபம் கேட்கும். அது, நீங்கள் 2-ஐ ஷேட் செய்திருக்க மெஷின் 3 என்று பதிந்திருந்தால் கேட்பதற்கு. நீங்கள் 2 ஷேட் செய்து, மெஷினும் 2 என்று பதிந்திருந்தால் ஆட்சேபத்துக்கு வேலை இல்லை. கட்டணத்தைக் கட்டி ஏமாறாதீர்கள்.

"மாக் டெஸ்ட்ல தப்பு வந்தது நழுவலா, தெரியாததா? எல்லாத் தாளையும் உட்கார்ந்து பார்க்க முடியலையே."

எக்செல் இருந்தால் எளிது. A பத்தியில் கேள்வி எண், B-யில் விடைக்குறிப்பு, C-யில் மாணவர் ஷேட் செய்தது. முதல் கேள்வி இரண்டாவது வரியில் தொடங்கட்டும். D2-வில் இதைப் போட்டு D180 வரை இழுத்துவிடுங்கள்:

```
=IF(C2=B3,1,0)
```

ஒரு வரியில் ஷேட் ஆகியிருப்பது அடுத்த கேள்வியின் விடையா என்று இது பார்க்கிறது. அடுத்தடுத்து 1, 1, 1, 1 என்று வந்தால் விடை மேலே ஏறியிருக்கிறது. கீழே இறங்கிய நழுவலுக்கு E2-வில்:

```
=IF(C3=B2,1,0)
```

தற்செயலாகவும் 1 வரும், நான்கில் ஒன்று என்ற அளவில். அதனால் ஒன்றிரண்டு 1 தொடர்ந்து வந்தால் பொருட்படுத்த வேண்டாம். ஆறு 1 தொடர்ந்து வருவதற்குத் தற்செயல் வாய்ப்பு 4096-இல் ஒன்று. அப்படி வந்தால் அது நழுவல்தான். பத்திக்குப் பத்தி தாவியது இதில் அகப்படாது, அதற்கு வினாத்தாளைத்தான் பார்க்க வேண்டும்.

எக்செல் இல்லையென்றால் விடைக்குறிப்பை ஒரு காகிதத் துண்டிலும், மாணவர் விடையை இன்னொரு துண்டிலும் ஒரே இடைவெளியில் மேலிருந்து கீழாக எழுதி, பக்கத்தில் வைத்து ஒரு வரி மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். பொருந்தும் இடம் கண்ணுக்கே தெரியும்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மதிப்பெண் திடீரென்று 80, 100 குறைந்தால் 'படிக்கவில்லை' என்று முடிவுகட்டும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வேதியியலை மறுபடி படிக்க வைப்பதால் நழுவல் சரியாகாது.

"வீட்ல எப்படிப் பழகுறது? ஓஎம்ஆர் தாளே இல்லாம மாக் டெஸ்ட் எழுதுறேன்."

போனிலும் கம்ப்யூட்டரிலும் எழுதும் மாக் டெஸ்ட்டில் இந்தத் தப்பு வரவே வராது. கேள்விக்குக் கீழேயே விடை இருக்கும். அதனால் அங்கே 650 எடுக்கிறவர் காகிதத்திலும் அதே எடுப்பார் என்று சொல்ல முடியாது. 180 வரி உள்ள ஓஎம்ஆரை அச்செடுத்துக்கொள்ளுங்கள். அசல் அளவிலேயே அச்செடுங்கள், வட்டம் பெரிதாக இருந்தால் பழக்கம் உதவாது. அதே மாதிரி பால்பாயின்ட் பேனா.

முழுத் தேர்வு வேண்டாம், தனிப் பயிற்சியே போதும். ஒரு பழைய வினாத்தாளில் 45 கேள்விக்கு ஏற்கெனவே விடை தெரிந்ததை எடுங்கள். அதில் ஏழெட்டு கேள்விக்கு வேண்டுமென்றே பெருக்கல் குறி போடுங்கள், இரண்டு அடுத்தடுத்து வரும்படியும், ஒன்று பத்தியின் கடைசி வரியிலும், ஒன்று பக்கத்தின் முதல் கேள்வியிலும் இருக்கும்படியும். பிறகு விளிம்பு வைத்து, எண் சொல்லி, ஷேட் மட்டும் செய்யுங்கள். முடிந்ததும் பெருக்கல் குறி போட்ட கேள்விகளுக்குத் திரும்பிப் போய், கலைந்த வரிசையில், 71, 49, 88 என்று நிரப்புங்கள். இந்த இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால் இன்னும் நல்லது, தம்பி தங்கை இருந்தால் அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.